டெண்டர் போட்ட பிறகு அடெண்டம் வந்தால்: ஏற்கெனவே கொடுத்த ஒப்பந்தப்புள்ளி என்ன ஆகும்?

டெண்டர் ஆவணத்தைப் படித்து, விலை போட்டு, முன்வைப்புத் தொகைக்கு வங்கி உத்தரவாதம் வாங்கி, கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னாலேயே ஒப்பந்தப்புள்ளியைக் கொடுத்தாயிற்று. அப்புறம் ஓர் அடெண்டம் வருகிறது. கடைசித் தேதி பத்து நாள் தள்ளிப்போயிருக்கிறது, பொருளின் விவரக்குறிப்பும் மாறியிருக்கிறது. சிறிய நிறுவனங்களுக்கு இந்த இடத்தில்தான் குழப்பம் வருகிறது. "பழைய விதிப்படி கொடுத்துவிட்டோம், அது செல்லும்தானே?" என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். "போட்டதை இனி மாற்ற முடியாது" என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு எண்ணமும் தவறு, இரண்டாலும் பணம் போகும்.

ஏன் தவறு, என்ன செய்ய வேண்டும் என்பதை எஃகு அலமாரி டெண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

## அடெண்டம் என்றால் என்ன, அதற்கு என்ன பலம்?

டெண்டர் அறிவித்த அமைப்பு, ஒப்பந்தப்புள்ளி கொடுப்பதற்கான கடைசி நேரத்துக்கு முன்பு டெண்டர் ஆவணத்தில் செய்யும் எழுத்துப்பூர்வமான மாற்றம்தான் அடெண்டம். சில இடங்களில் இதையே கொரிஜெண்டம் என்பார்கள், திருத்த அறிவிப்பு என்றும் சொல்வதுண்டு. தலைப்பு எதுவாக இருந்தாலும், ஆவணத்தில் இருக்கும் ஒரு நிபந்தனையை அது மாற்றுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உலக வங்கியின் மாதிரி டெண்டர் ஆவணங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல நாடுகளின் டெண்டர் ஆவணங்கள் அதே பாணியில்தான் இருக்கின்றன. கடைசி நேரத்துக்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் அடெண்டம் வெளியிடலாம், வெளியிட்ட அடெண்டம் டெண்டர் ஆவணத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும் என்று அவை சொல்கின்றன. இதில் பின்பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். அடெண்டம் வெளியான பிறகு பழைய ஆவணம் என்று தனியாக ஒன்று கிடையாது. அடெண்டம் சேர்ந்த ஆவணம் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் முன்பே கொடுத்த புள்ளியையும் அந்தச் சேர்ந்த ஆவணத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அடெண்டம் வெளியிட்டவர்களுக்கு உங்கள் உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரியவும் கூடாது. திறக்கும் நேரம் வரை அது மூடியே இருக்கும். மின்னணுத் தளமாக இருந்தால் பூட்டப்பட்டிருக்கும். அதனால் "உங்கள் விலை பழைய விவரக்குறிப்புக்குப் போட்டது, மாற்றுங்கள்" என்று யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். பெரிய நிறுவனங்களில் டெண்டர் தளத்தைத் தினமும் பார்ப்பதற்கென்றே ஆள் இருப்பார். சிறிய இடத்தில் அந்த வேலையும் உரிமையாளர் தலையில்தான் விழுகிறது.

## நாம் எடுத்துக்கொள்ளும் டெண்டர்

200 எஃகு அலமாரிகள் வாங்குவதற்கான டெண்டர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வந்த ஆவணம் இப்படி இருந்தது:

1. கடைசி நேரம் மார்ச் 10, மாலை 3 மணி.
2. தகட்டின் கனம் 0.8 மி.மீ.
3. ஒப்பந்தப்புள்ளி, கடைசித் தேதியிலிருந்து 90 நாள் செல்லுபடியாக வேண்டும்.
4. முன்வைப்புத் தொகைக்கான வங்கி உத்தரவாதம், புள்ளியின் செல்லுபடிக் காலம் முடிந்த பிறகும் 28 நாள் உயிரோடு இருக்க வேண்டும்.

ஒரு சிறு பட்டறைக்காரர் மார்ச் 6ஆம் தேதியே புள்ளியைக் கொடுத்துவிட்டார். மார்ச் 8ஆம் தேதி அடெண்டம் வருகிறது. அதில் இருப்பவை இவ்வளவுதான்:

1. கடைசி நேரம் மார்ச் 20, மாலை 3 மணி. அன்றே 3.30க்குத் திறக்கப்படும்.
2. தகட்டின் கனம் "0.8 மி.மீ." என்பதை "1.0 மி.மீ." என்று படிக்கவும்.
3. விலைப் படிவம் நீக்கப்பட்டு, இணைப்பில் உள்ள புதிய படிவம் சேர்க்கப்படுகிறது.
4. மற்ற நிபந்தனைகளில் மாற்றம் இல்லை.

நான்கே வரிதான். ஆனால் முதல் வரி வங்கி உத்தரவாதத்தைத் தொடுகிறது, இரண்டாவது வரி லாபம் முழுவதையும் தொடுகிறது, மூன்றாவது வரி பழைய படிவத்தையே செல்லாததாக்குகிறது. நான்காவது வரிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

## ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்?

இரண்டு வழிகளில் ஒன்று நடக்கலாம். எது நடக்கும் என்பது நீங்கள் கையெழுத்திட்ட காகிதங்களைப் பொறுத்தது.

முதல் வழி, நிராகரிப்பு. புள்ளியோடு கொடுத்த தொழில்நுட்ப விவரத் தாளில் "தகடு 0.8 மி.மீ." என்று எழுதியிருக்கிறது. டெண்டர் கேட்பதோ இப்போது 1.0 மி.மீ. மதிப்பீடு செய்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கேட்ட பொருளைக் கொடுக்க இவர் ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதி ஒதுக்கிவிடுவார். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கட்டத்துக்கே போகாது. பழைய விலைப் படிவத்தில் விலை கொடுத்திருப்பதும் தனியாக ஒரு குறையாக எழுதப்படும்.

இரண்டாவது வழி, ஏற்றுக்கொள்ளப்படுவது. இதுதான் இன்னும் மோசம். விவரத் தாளில் கனத்தைக் குறிப்பிடாமல், "டெண்டரில் உள்ள விவரக்குறிப்புப்படி வழங்குவோம்" என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன ஆகும்? ஒப்பந்தப்புள்ளிக் கடிதங்களில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: டெண்டர் ஆவணத்தை அதன் அடெண்டங்கள் உட்படப் பரிசீலித்தோம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று. இப்படி எழுதியிருப்பவர், புள்ளியை மாற்றவும் இல்லை, திரும்பப் பெறவும் இல்லை. அப்படியானால் 1.0 மி.மீ. அலமாரியைத்தான் இந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார் என்று படிப்பதற்கு வாங்குபவருக்கு நல்ல இடம் கிடைத்துவிடுகிறது. விலை எல்லோரையும் விடக் குறைவு, ஏனென்றால் மற்றவர்கள் 1.0 மி.மீ.க்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆர்டர் வருகிறது. முடியாது என்று பின்வாங்கினால் முன்வைப்புத் தொகை போகும். ஒத்துக்கொண்டால் நட்டம்.

## நட்டம் எவ்வளவு? தகட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. அதனால் 1 மி.மீ. கனமுள்ள தகடு, ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ எடை வரும். 0.8 மி.மீ. தகடு என்றால் 6.28 கிலோ. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் இரண்டு கதவு அலமாரிக்கு, தட்டுகளும் மடிப்பும் சேர்த்து 9 சதுர மீட்டர் தகடு ஆகிறது என்று கொள்வோம்.

பழைய கனத்தில் ஓர் அலமாரிக்கு 56.5 கிலோ, புதிய கனத்தில் 70.7 கிலோ. வித்தியாசம் 14 கிலோவுக்குச் சற்று மேல். 200 அலமாரிக்கு 2,826 கிலோ. ஆவணத்தில் ஓர் எண் 0.2 மாறியதற்குக் கிட்டத்தட்ட 2.8 டன் எஃகு கூடுதலாக வாங்க வேண்டியிருக்கிறது.

இதைச் செலவாக மாற்றுவோம். ஓர் அலமாரிக்கு ஆகும் மொத்தச் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், நம் பட்டறைக்காரருக்கு அது இப்படிப் பிரிகிறது: தகடு 45, கூலி, வெல்டிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து 35, பூட்டும் கைப்பிடியும் 8, போக்குவரத்து 12. இதற்கு மேல் 10 பங்கு லாபம் வைத்து 110 என்று விலை கொடுத்திருக்கிறார்.

தகடு 25 விழுக்காடு கூடுகிறது, 45 பங்கு 56.25 ஆகிறது. பெயின்ட் மாறாது, ஏனென்றால் பரப்பளவு அதேதான். பூட்டும் மாறாது. போக்குவரத்தும் பெரிதாக ஏறாது, ஏனென்றால் அலமாரி ஏற்றும்போது வண்டியில் முதலில் தீர்ந்துபோவது இடம், அதற்கு அப்புறம்தான் எடை. ஆகச் செலவு 100இலிருந்து 111.25க்குப் போகிறது. 110க்கு விலை கொடுத்தவர் ஒவ்வோர் அலமாரிக்கும் 1.25 பங்கு கையிலிருந்து போட வேண்டும். எதிர்பார்த்த 10 பங்கு லாபம் முழுக்கப் போய், அதற்கு மேலும் நட்டம்.

எதிர்ப்பக்கத் தவறும் நடப்பதுண்டு. "தகடு 25 விழுக்காடு கூடியிருக்கிறது, விலையையும் 25 விழுக்காடு ஏற்றிவிடு" என்று அவசரத்தில் 137.5 போட்டால் டெண்டர் கையை விட்டுப் போய்விடும். அதே 10 பங்கு லாபம் வேண்டுமென்றால் சரியான விலை 121.25. ஏற்றம் 10 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். எந்தச் செலவு மாறுகிறது, எது மாறவில்லை என்று வரிவரியாகப் பிரிக்காமல் விலையைத் தொடக் கூடாது.

விலைக்கு வெளியே ஒரு விஷயமும் பார்க்க வேண்டும். அதே அச்சில் தகட்டை மடிக்கத் தேவையான விசை, கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 0.8இலிருந்து 1.0க்குப் போனால் விசை ஏறக்குறைய 56 விழுக்காடு கூடும். பெரும்பாலான மடிப்பு இயந்திரங்கள் இதைத் தாங்கும். ஆனால் ஏற்கெனவே எல்லையில் ஓடும் பழைய இயந்திரம் என்றால், மடிப்பு வேலையை வெளியில் கொடுக்க வேண்டிவரும். அந்தச் செலவும் கணக்கில் ஏற வேண்டும்.

## கடைசித் தேதி தள்ளிப்போனால் உங்களுக்கு என்ன உரிமை வருகிறது?

கடைசித் தேதி நீட்டிப்பு இன்னும் புள்ளி கொடுக்காதவர்களுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உலக வங்கியின் மாதிரி ஆவணம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: தேதி நீட்டிக்கப்பட்டால், பழைய தேதிக்குக் கட்டுப்பட்டிருந்த இரு தரப்பின் உரிமைகளும் கடமைகளும் புதிய தேதிக்குக் கட்டுப்படும். அதாவது, மார்ச் 10 மாலை 3 மணி வரை புள்ளியை மாற்றவும் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை இருந்தது. இப்போது அந்த உரிமை மார்ச் 20 மாலை 3 மணி வரை இருக்கிறது.

இந்த உரிமை அடெண்டம் தொட்ட விஷயங்களோடு நின்றுவிடுவதில்லை. பூட்டின் விலையைத் தவறாகப் போட்டிருந்தீர்களா? போக்குவரத்தைக் குறைத்து மதிப்பிட்டீர்களா? அதையும் இந்தப் பத்து நாளில் சரிசெய்துகொள்ளலாம். அந்த நேரத்துக்கு முன்பு திரும்பப் பெற்றால் முன்வைப்புத் தொகையும் போகாது. கடைசி நேரம் தாண்டிய பிறகு, செல்லுபடிக் காலத்துக்குள் திரும்பப் பெறுவதுதான் தொகையைப் பறிகொடுக்க வைக்கும்.

அடெண்டத்தில் விவரக்குறிப்பை மாற்றிவிட்டுத் தேதியை நீட்டிக்காமல் விடுவதும் உண்டு. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்படி வந்தால் சும்மா இருக்க வேண்டாம். ஐக்கிய நாடுகளின் அன்சிட்ரல் அமைப்பு 2011இல் வெளியிட்ட பொதுக் கொள்முதல் மாதிரிச் சட்டம், மாற்றத்தால் முதலில் வெளியிட்ட தகவல் முக்கியமான அளவில் தவறாகிப்போனால், திருத்திய தகவலை முதலில் வெளியிட்ட அதே வழியில் வெளியிட்டு, கால அவகாசமும் கொடுக்க வேண்டும் என்கிறது. அது ஒரு மாதிரிதான், உங்கள் டெண்டரை எந்தச் சட்டம் ஆள்கிறது என்பதை ஆவணத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் "இந்த மாற்றத்துக்கு வங்கித் திருத்தமும் புதிய விலையும் தேவை, இத்தனை நாள் வேண்டும்" என்று காரணம் காட்டி எழுத்தில் கேட்பது எங்கும் நியாயமான கோரிக்கை. அப்படிக் கேட்ட கடிதம் பின்னால் முறையீடு செய்ய வேண்டிவந்தால் சான்றாகவும் நிற்கும்.

## வங்கி உத்தரவாதம்: "மாற்றம் இல்லை" என்ற வரியில் இருக்கும் மாற்றம்

அடெண்டத்தின் நான்காவது வரி, மற்ற நிபந்தனைகள் அப்படியே இருக்கின்றன என்கிறது. 90 நாள், 28 நாள் என்ற எண்களும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்த 90 நாள் எங்கிருந்து எண்ணப்படுகிறது? கடைசித் தேதியிலிருந்து. அந்தத் தேதிதான் நகர்ந்துவிட்டதே.

பழைய கணக்கு: மார்ச் 10இலிருந்து 90 நாள் என்றால் ஜூன் 8. அதற்கு மேல் 28 நாள் என்றால் ஜூலை 6. பட்டறைக்காரர் ஜூலை 6 வரை செல்லும் உத்தரவாதத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறார், மிகச் சரியாக.

புதிய கணக்கு: மார்ச் 20இலிருந்து 90 நாள் என்றால் ஜூன் 18. அதற்கு மேல் 28 நாள் என்றால் ஜூலை 16. கையில் இருக்கும் உத்தரவாதம் பத்து நாள் குறைகிறது.

இந்தப் பத்து நாள் குறைவு சின்னக் குறை என்று மன்னிக்கப்படும் என்று நம்பிவிடாதீர்கள். முன்வைப்புத் தொகையின் காலமோ தொகையோ போதாமல் இருந்தால், புள்ளியை நிராகரிக்க வேண்டும் என்றே பல டெண்டர் ஆவணங்கள் எழுதியிருக்கும். மதிப்பீட்டுக் குழுவுக்கு இதில் தயவு காட்ட இடமே இருக்காது. தொழில்நுட்பத்தையும் விலையையும் சரியாகத் திருத்திவிட்டு, இந்த ஒரு தேதியில் விழுந்துபோவது மிகவும் வருத்தமான தோல்வி.

எல்லா ஆவணங்களும் இப்படி நாளை எண்ணுவதில்லை. "ஒப்பந்தப்புள்ளி ஜூன் 8 வரை செல்லுபடியாக வேண்டும்" என்று தேதியையே எழுதிவிடுவதும் உண்டு. அப்படியானால், அடெண்டம் அந்தத் தேதியை மாற்றினால் ஒழிய உத்தரவாதத்தைத் தொட வேண்டியதில்லை. உங்கள் ஆவணம் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள். தெளிவாக இல்லையென்றால், கேள்வி கேட்பதற்கான காலக்கெடுவுக்குள் எழுதிக் கேளுங்கள், அல்லது நீண்ட தேதிக்கே வாங்கிவிடுங்கள். தேவைக்கு மேல் பத்து நாள் இருக்கும் உத்தரவாதத்தை, காலம் கூடுதல் என்பதற்காக யாரும் நிராகரிக்கப் போவதில்லை.

அடெண்டம் கையில் கிடைத்த அன்றே முதல் வேலையாக வங்கிக்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலையை ஓர் இரவில் திருத்திவிடலாம். வங்கியின் திருத்தக் கடிதம் வங்கியின் வேகத்தில்தான் வரும்.

## மூன்று வழிகள்

இப்போது முடிவெடுக்கலாம்.

1. அப்படியே விடுவது. அடெண்டம் உங்கள் புள்ளியில் எதையுமே தொடவில்லை என்றால் மட்டும். தேதி மட்டும் மாறி, செல்லுபடிக் காலம் நிலையான தேதியாக எழுதப்பட்டிருந்தால் இது சரிவரும். அப்போதும் அடெண்டம் கிடைத்ததை ஒப்புக்கொள்ளும் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லியிருந்தால், அந்த ஒரு தாள் இல்லாததே நிராகரிப்புக்குக் காரணமாகலாம். நம் அலமாரி டெண்டருக்கு இந்த வழி இல்லை.

2. மாற்றுவது. இதற்குள் இரண்டு வகை உண்டு. பழைய புள்ளியை வைத்துக்கொண்டு, மாறும் பகுதிக்கு மட்டும் திருத்தம் கொடுப்பது ஒன்று. பழையதை முழுக்க எடுத்துவிட்டுப் புதிய புள்ளியை அதன் இடத்தில் வைப்பது இன்னொன்று.

விலையில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் என்றால் முதல் வகை போதும். விவரக்குறிப்பு மாறியிருந்தால் முழுப் புள்ளியையும் புதிதாகக் கொடுப்பதே பாதுகாப்பு. ஏனென்றால் தகட்டின் கனம் ஒரே இடத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்காது. விவரத் தாளில் இருக்கும், படத்தில் இருக்கும், தகடு தயாரிப்பாளரின் சான்றிதழில் இருக்கும், சில வேளை முகப்புக் கடிதத்திலும் இருக்கும். விலையை மட்டும் திருத்திவிட்டு வரைபடத்தில் 0.8 என்று விட்டுவைத்தால், ஒரே புள்ளிக்குள் இரண்டு பொருள் இருப்பதாக ஆகிவிடும். "எங்கள் விலையை 10 விழுக்காடு உயர்த்திக்கொள்ளவும்" என்று ஒரு வரிக் கடிதம் கொடுப்பதும் ஆபத்து. வரிக்கு முந்தைய விலையா, வரி சேர்ந்த விலையா, போக்குவரத்துக்கும் சேர்த்தா என்ற கேள்விகள் கிளம்பும். அதோடு பழைய விலைப் படிவத்தையே அடெண்டம் நீக்கிவிட்டதே, எதன் மேல் 10 விழுக்காடு?

காகித உறையில் கொடுப்பதென்றால், உறையின் மேல் எழுதுவது முக்கியம். திரும்பப் பெறுவதா, மாற்றுப் புள்ளியா, திருத்தமா என்பதை உறையின் மேலேயே தெளிவாக எழுத வேண்டும். திறக்கும் நிகழ்வில், திரும்பப் பெறும் உறைகளை முதலில் திறந்து படிப்பார்கள், அவர்களுடைய பழைய புள்ளியைத் திறக்காமலே திருப்பிக் கொடுப்பார்கள். அடுத்து மாற்றுப் புள்ளி, பிறகு திருத்தம், அதற்கப்புறம்தான் மற்றவை. இது உலக வங்கி ஆவணங்களின் வரிசை, மற்ற இடங்களிலும் இதையொட்டியே இருக்கும். கடிதத்தில் கையெழுத்திடுபவர், புள்ளியில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவராக இருக்க வேண்டும், அதற்கான அதிகாரக் கடிதத்தின் நகலையும் சேர்க்க வேண்டும்.

3. திரும்பப் பெறுவது. புதிய விவரக்குறிப்பு உங்கள் பட்டறைக்கு ஒத்துவராது, அல்லது விலை கட்டுப்படியாகாது என்றால் தயங்காமல் இதைச் செய்யலாம். ஆனால் எழுத்தில், முறையாக, கடைசி நேரத்துக்கு முன்பு செய்ய வேண்டும். "போகட்டும், நிராகரித்துவிடுவார்கள்" என்று புள்ளியை அங்கேயே விட்டுவைப்பது திரும்பப் பெறுவதாக ஆகாது. ஆர்டர் வந்து நின்றால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

## மின்னணுத் தளத்தில் கவனிக்க வேண்டியவை

தளத்துக்குத் தளம் விதி மாறுகிறது, இந்த இடத்தில் ஊகம் உதவாது. சில தளங்களில் "திரும்பப் பெறு" என்பதை அழுத்தினால் அந்த டெண்டரில் மறுபடியும் புள்ளி கொடுக்கவே முடியாது. மாற்றிக் கொடுக்க நினைத்தவர் அதை அழுத்திவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அந்தத் தளங்களில் "மறுசமர்ப்பிப்பு" என்று வேறொரு வழி இருக்கும், அதில்தான் போக வேண்டும். வேறு சில தளங்களில், அடெண்டம் வெளியானதும் ஏற்கெனவே கொடுத்த புள்ளிகள் வரைவு நிலைக்குத் திரும்பிவிடும். மறுபடி உறுதி செய்யாவிட்டால், உங்கள் புள்ளி அங்கே இல்லவே இல்லை என்று பொருள். அடெண்டம் வந்தவுடன் உள்ளே நுழைந்து, உங்கள் புள்ளியின் நிலை என்னவென்று எழுதியிருக்கிறது என்று பார்ப்பது இதற்காகத்தான்.

விலைப் படிவம் மாறியிருந்தால் தளத்திலிருந்து புதிய கோப்பைத்தான் இறக்க வேண்டும். பழைய கோப்பில் எண்களை மட்டும் மாற்றி ஏற்றினால் தளம் ஏற்காமல் போகலாம், ஏற்றுக்கொண்டாலும் மதிப்பீட்டில் சிக்கும். மாலை 3 மணி என்பது தளத்தின் சர்வர் காட்டும் 3 மணி, உங்கள் கைக்கடிகாரத்தின் 3 மணி இல்லை. ஏற்றி முடித்த பிறகு கிடைக்கும் ரசீதில் புதிய தேதியும் நேரமும் இருக்கிறதா என்று பார்த்து, அதைப் பத்திரப்படுத்துங்கள். பழைய மார்ச் 6 ரசீது மட்டும்தான் இருக்கிறது என்றால், மாற்றம் பதிவாகவில்லை என்று பொருள்.

ஒன்றுக்கு மேல் அடெண்டம் வருவதும் சகஜம். இரண்டாவது அடெண்டம் முதல் அடெண்டத்தின் ஒரு வரியையே மாற்றலாம். மார்ச் 15 அன்று புதிய புள்ளி கொடுத்துவிட்டு, 17 அன்று வந்த இரண்டாவது அடெண்டத்தைப் பார்க்காமல் விட்டால், மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்போம். எண் வரிசையில் எல்லா அடெண்டங்களையும் இறக்கி, எந்த வரி எதை மாற்றுகிறது என்று மூல ஆவணத்தின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டு படிப்பது நல்லது. டெண்டர் ஆவணத்தைப் பதிவு செய்யாமல் வேறொருவரிடமிருந்து வாங்கியவர்களுக்கு அடெண்டம் பற்றிய அறிவிப்பு மின்னஞ்சல் வராது. கடைசி நாள் வரை தளத்தைத் தானே பார்ப்பது அவர்கள் பொறுப்பு.

## பட்டறைக்காரரின் பத்து நாள்

மார்ச் 8 மாலை அடெண்டத்தைப் பார்த்தவர், அடுத்த வேலை நாளிலேயே உத்தரவாதத்தை ஜூலை 16 வரை நீட்டிக்க வங்கியில் விண்ணப்பிக்கிறார். மறுநாள் தகடு விற்பவரிடம் 1.0 மி.மீ.க்குப் புது விலை கேட்கிறார். அந்த விலை எத்தனை நாள் செல்லும் என்பதையும் கேட்டு எழுதி வாங்குகிறார், ஏனென்றால் தன் விலை ஜூன் 18 வரை நிற்க வேண்டியிருக்கிறது. விற்பவர் ஒரு மாதத்துக்குத்தான் உறுதி தருகிறார் என்றால், அந்த இடைவெளிக்கு விலையில் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

மார்ச் 14க்குள் விவரத் தாள், வரைபடம், சான்றிதழ் மூன்றும் 1.0 மி.மீ.க்கு மாறுகின்றன. புதிய விலைப் படிவத்தில் 121.25 பங்குக்கு நிகரான விலை ஏறுகிறது. முகப்புக் கடிதத்தில், மார்ச் 6 அன்று கொடுத்த புள்ளிக்குப் பதிலாக இது முழுமையாகக் கொடுக்கப்படுகிறது, அடெண்டம் எண் 1 கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று எழுதுகிறார். வங்கித் திருத்தக் கடிதம் வந்ததும் மார்ச் 18 அன்று எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றுகிறார். 19 இரவும் 20 காலையும் இன்னோர் அடெண்டம் வந்திருக்கிறதா என்று தளத்தைப் பார்க்கிறார்.

## திறந்த பிறகுதான் அடெண்டத்தைப் பார்த்தீர்கள் என்றால்

இப்போது கையில் இருக்கும் வழிகள் குறைவு. விலையை மாற்ற முடியாது. பொருளை மாற்றவும் முடியாது. மதிப்பீட்டுக் குழு உங்களிடம் விளக்கம் கேட்கலாம், ஆனால் அந்த விளக்கத்தின் வழியாக விலையோ பொருளின் தன்மையோ மாறக் கூடாது என்பது பொதுவான விதி. எனவே விளக்கம் கேட்டு வந்தால், உங்கள் புள்ளியில் இருப்பது 0.8 மி.மீ. தகடு என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். புள்ளி நிராகரிக்கப்படும், ஆனால் முன்வைப்புத் தொகை திரும்பி வரும். ஆர்டர் கிடைத்துவிடும் என்ற ஆசையில் "1.0 மி.மீ. தருகிறோம்" என்று எழுதிக் கொடுத்தால், பழைய விலைக்கே அதை உறுதி செய்ததாகிவிடும்.

அடெண்டம் முறையாக வெளியிடப்படவே இல்லை, டெண்டர் அறிவிப்பு வந்த இடத்தில் அது வரவில்லை என்றால் நிலைமை வேறு. அப்போது முறையீடு செய்யலாம். அதற்கான காலக்கெடு மிகக் குறுகியது, பெரும்பாலும் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே முடிந்துவிடும். அறிவிப்பு வந்த பக்கத்தின் நகல், பதிவு செய்த ரசீது, உங்களுக்கு வந்த மின்னஞ்சல்களின் பட்டியல், இவற்றை அன்றே எடுத்துவைத்துக்கொண்டு, டெண்டர் ஆவணத்தில் முறையீட்டுக்கென்று குறித்திருக்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும்.